போனில் பேசி முடித்த தவணையை எழுத்தில் உறுதி செய்வது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டை எடுத்துச் சீர்செய்கிறவர்களும் புதிதாகக் கடை போடுகிறவர்களும் ஒரே இடத்தில்தான் சிக்குகிறார்கள். சரக்கு வந்து இறங்கியிருக்கும், பாதிப் பணம் போயிருக்கும், மீதிக்கு ஒருநாள் போன் வரும், பத்து நிமிடம் பேசிவிட்டு "சரி, மாசா மாசம் கொடுத்துருங்க" என்று முடிந்துவிடும். இரண்டு பக்கமும் நல்ல மனதோடுதான் பேசியிருப்பார்கள். ஆனாலும் நாலு மாதம் கழித்து ஒருவர் "வண்டி வாடகை தனின்னுதானே சொன்னேன்" என்பார், இன்னொருவர் "அதெல்லாம் சேர்த்துத்தானே பேசினோம்" என்பார், இரண்டு பேருமே பொய் சொல்லியிருக்க மாட்டார்கள்.

போனில் பேசியது செல்லாது என்று நினைக்க வேண்டாம். வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் நம் சட்டத்தில் ஒப்பந்தம்தான். என்ன பேசினோம் என்று காட்ட வழியில்லாததுதான் சிக்கல். கால் ரெக்கார்டிங் இருக்கிறதே என்பார்கள், இருக்கட்டும், வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மழை, கோயில் திருவிழா, பையன் படிப்பு எல்லாம் கலந்த பதினாலு நிமிடப் பேச்சுக்குள் ஒரு தேதியைத் தேடி யாரும் உட்கார்ந்து கேட்கப்போவதில்லை.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டே போகலாம். கானாடுகாத்தானில் ஒருவர் பூர்வீக வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறார். ஆத்தங்குடியில் ஒரு பட்டறையில் தரைக்குக் கல் வாங்கியிருக்கிறார். கல் விலை 2,40,000 ரூபாய், முன்பணம் ஒரு லட்சம் கொடுத்தாயிற்று. மீதியை ஒரே தடவையில் கொடுக்க முடியவில்லை, பட்டறைக்காரரும் ஒத்துக்கொண்டார். (தொகையும் தேதியும் நான் உதாரணத்துக்குப் போட்டவை.)

போனை வைப்பதற்கு முன்

பேச்சு முடியும்போது பேசியதை ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்கள்: "அண்ணே, அப்ப மொத்தம் ஒரு லட்சத்து நாப்பது, இந்தப் பத்தாம் தேதி இருபது, அப்புறம் மாசம் முப்பது, சரிதானே? நான் இதை எழுதி வாட்ஸ்அப்புல போடுறேன், பார்த்துட்டு ஒரு பதில் போட்டுருங்க." இந்தக் கடைசி வரி முக்கியம். முன்கூட்டியே சொல்லிவிட்டால், செய்தி போனதும் "என்னடா இது, நம்மள நம்பாம எழுதிக் கேக்குறான்" என்று அவருக்குத் தோன்றாது. செட்டிநாட்டில் இது பெரிய சங்கடமும் இல்லை. பேரேடும் பற்று வரவும் எழுதி, ஐந்தொகை போட்டுப் பழகிய ஊர் இது. "கணக்குக்காக" என்று ஒரு வார்த்தை சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

யாரிடம் பேசினீர்கள் என்பதையும் கவனியுங்கள். பட்டறையில் போனை எடுப்பது கணக்குப் பார்க்கிறவராக இருக்கலாம், முதலாளியின் மகனாக இருக்கலாம். அவர் சொன்ன சலுகை முதலாளிக்குத் தெரியாமல் இருந்தால் பிறகு தகராறுதான். "இதை அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, செய்தியை இரண்டு எண்ணுக்கும் அனுப்புங்கள்.

பாக்கி எவ்வளவு என்பதிலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலானவர்கள் தவணையை மட்டும் எழுதுகிறார்கள்: மாதம் 30,000 தருகிறேன், அவ்வளவுதான். எந்தப் பில்லுக்கு, மொத்தம் எத்தனை, எப்போது தீரும் என்று ஒன்றும் இருக்காது. முதலில் பாக்கி எப்படி வந்தது என்று வரிசையாகக் காட்டுங்கள். நம் உதாரணத்தில் கல் விலை 2,40,000, வண்டி வாடகை 4,500, சேர்த்தால் 2,44,500. முன்பணம் ஒரு லட்சம் போக 1,44,500. வரும்போது உடைந்திருந்த கல்லுக்கு 4,500 கழித்துக்கொள்ளலாம் என்று போனில் சொன்னார். ஆகப் பாக்கி 1,40,000.

இதில் உடைசல் கழிவுதான் பின்னால் சண்டையாகிற இடம். அவர் "பார்த்துச் செய்யலாம்" என்று மட்டும் சொல்லியிருந்தால், அதைக் கழித்துவிட்டதாக எழுதாதீர்கள், செய்தியை வாங்கிய கையோடு அவர் மறுப்பார், மற்ற வரிகளும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும். "உடைந்த கல்லுக்கான கழிவு இன்னும் பேசி முடிவாகவில்லை, முடிவானால் கடைசித் தவணையில் குறைத்துக்கொள்ளலாம்" என்று எழுதுங்கள். பேசாததைப் பேசியதாகச் சேர்க்கவும் கூடாது, நமக்கு வசதியில்லாததை விட்டுவிடவும் கூடாது.

தேதியை மாதப் பேரில் விடாதீர்கள்

நம் பக்கத்தில் அதிகம் குழம்புவது இதில்தான். "மாசம் பிறந்ததும் தர்றேன்" என்றால் ஒருவருக்கு அது இங்கிலீஷ் மாதம் ஒன்றாம் தேதி, இன்னொருவருக்குத் தமிழ் மாதப் பிறப்பு, அதாவது மாதத்தின் நடுவில். "தை முடியறதுக்குள்ள" என்று பட்டறைக்காரர் சொன்னால் அவர் மனதில் இருப்பது பிப்ரவரி 12 வாக்கில். பணம் கொடுக்கிறவர் வெளியூரில் சம்பளத்தில் இருந்து பழகியவரானால் ஜனவரி கடைசி என்று எடுத்துக்கொள்வார், அல்லது தலைகீழாக நடக்கும். இரண்டு வாரம் தாமதம் என்று ஒரு பக்கம் கோபம், சொன்ன நாளுக்கு முன்பே கேட்கிறார் என்று மறுபக்கம் கோபம். அதனால் நாள், மாதம், வருடம், கிழமை நாலையும் போடுங்கள். கிழமை எதற்கு என்றால், எண்ணைத் தட்டும்போது தவறு வந்தால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம், காலண்டரைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: 2026-இல் மே 10 ஞாயிற்றுக்கிழமை. யுபிஐயில் அனுப்பினால் கவலையில்லை, காசோலை என்றால் அன்று வங்கி இல்லை. அதைத் திங்கள் 11 என்று இப்போதே எழுதிவிடலாம்.

தவணைத் தொகைகளைக் கூட்டிப் பாருங்கள். கூட்டினால் பாக்கித் தொகை வர வேண்டும். ரொம்பச் சாதாரணம்தான், ஆனால் 1,40,000 பாக்கியை மாதம் 30,000 வீதம் ஐந்து தவணை என்று எழுதி 1,50,000-க்கு ஒப்புக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

செய்தி இப்படி இருக்கலாம்

அன்றைக்கே அனுப்புங்கள். மூன்று நாள் கழித்து அனுப்பினால் இருவருக்கும் ஞாபகம் மங்கியிருக்கும், "நீங்களா ஒண்ணு எழுதியிருக்கீங்க" என்று சொல்ல இடம் கொடுத்துவிடும்.

> வணக்கம் அண்ணே. இன்று (07-01-2026, புதன்) காலை 11 மணி வாக்கில் போனில் பேசியதைக் கணக்குக்காக எழுதி அனுப்புகிறேன்.
>
> உங்கள் பில் எண் 212, நாள் 20-11-2025. கல் விலை ரூ. 2,40,000, வண்டி வாடகை ரூ. 4,500, மொத்தம் ரூ. 2,44,500. முன்பணம் கொடுத்தது ரூ. 1,00,000. உடைந்து வந்த கல்லுக்குக் கழிவு ரூ. 4,500. இன்றைய பாக்கி ரூ. 1,40,000 (ஒரு லட்சத்து நாற்பதாயிரம்).
>
> 10-01-2026 சனி: ரூ. 20,000
> 10-02-2026 செவ்வாய்: ரூ. 30,000
> 10-03-2026 செவ்வாய்: ரூ. 30,000
> 10-04-2026 வெள்ளி: ரூ. 30,000
> 11-05-2026 திங்கள்: ரூ. 30,000
>
> பணத்தைப் பட்டறைப் பெயரில் பில்லில் இருக்கும் வங்கிக் கணக்குக்கே அனுப்புகிறேன். இந்தத் தேதிகளில் கொடுத்தால் வட்டி இல்லை, பில்லின் அடியில் அச்சிட்டிருக்கும் 24 சதவீத வட்டி இந்தப் பாக்கிக்கு வேண்டாம் என்று சொன்னீர்கள். ஒரு தவணை 7 நாளுக்கு மேல் தள்ளிப்போனால் மீதி முழுவதையும் உடனே கேட்கலாம் என்பதும் பேசியதுதான். இனிமேல் வாங்கும் கல் தனிக் கணக்கு, அதற்கு ரொக்கம்.
>
> இதில் எதுவும் மாறியிருந்தால் நாளை மாலைக்குள் சொல்லுங்கள். சரியாக இருந்தால் "பாக்கி 1,40,000, ஐந்து தவணை, ஒப்புக்கொள்கிறேன்" என்று உங்கள் பெயரோடு ஒரு பதில் போட்டுவிடுங்கள்.

கீழே உங்கள் முழுப் பெயர், ஊர்.

இதில் இரண்டு வரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒன்று வட்டி. பல பில்களின் அடியில் பொடி எழுத்தில் "30 நாளுக்கு மேல் 24 சதவீதம் வட்டி" என்று அச்சாகியிருக்கும், யாரும் படிப்பதில்லை. போனில் வட்டியைப் பற்றிப் பேச்சே வரவில்லை என்றால் அந்த அச்சு வரி அப்படியே நிற்கிறது என்று நாளைக்கு ஒருவர் சொல்லலாம். அதனால் கேட்டுத் தெளிவாக்கி எழுதுங்கள். இதற்கும் ஒரு எல்லை உண்டு: பட்டறை உத்யம் பதிவு செய்த குறு, சிறு தொழிலாக இருந்தால், 2006-ஆம் வருடக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தாமதத்துக்குச் சட்டமே வட்டி போடுகிறது, நாம் வேறு மாதிரிப் பேசிக்கொண்டாலும் அந்த உரிமை அவருக்கு இருக்கிறது. நல்ல உறவில் யாரும் அங்கே போவதில்லை, ஆனால் தொகை பெரிதென்றால் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று அந்தத் தனிக் கணக்கு வரி. மார்ச்சில் உங்களுக்குக் குளியலறைக்கு இன்னும் கொஞ்சம் கல் தேவைப்படும், வாங்குவீர்கள், அந்த மாதத் தவணையாக 30,000 அனுப்புவீர்கள். அவர் அதைப் புதுச் சரக்குக்கு வரவு வைத்துவிட்டால் பழைய கணக்கில் தவணை தவறியதாகிவிடும். எந்தக் கடனுக்கு இந்தப் பணம் என்று கொடுக்கிறவர் சொன்னால் வாங்குகிறவர் அப்படித்தான் வரவு வைக்க வேண்டும், சொல்லாமல் விட்டால் அவர் விருப்பம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 59, 60 பிரிவுகள் இதைத்தான் சொல்கின்றன. ஆகவே ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

பதில் வந்ததா, எப்படி வந்தது?

கட்டைவிரலை உயர்த்தி ஒரு பொம்மை வரும். அல்லது "சரி தம்பி". அல்லது நீல டிக் மட்டும் விழுந்து அமைதி. நீல டிக் என்றால் படித்தார் என்று சொல்லலாம், ஒப்புக்கொண்டார் என்று சொல்ல முடியாது. பொம்மையும் "சரி"யும் ஒன்றுமில்லாததற்குத் தேவலை, ஆனால் தொகையும் ஒப்புதலும் அவர் பக்கத்திலிருந்து வந்தால்தான் அது இருவருடைய பதிவு. அதனால்தான் அவர் போட வேண்டிய வரியை நாமே எழுதிக் கொடுத்தோம், நகலெடுத்து ஒட்டினால் போதும்.

பதில் வரவில்லையா, மறுநாள் மாலை போன் போட்டு, "அண்ணே, போட்டது பார்த்தீங்களா, தேதி எதுவும் மாத்தணுமா?" என்று கேளுங்கள். ஒப்புதல் கேட்பதைவிடத் திருத்தம் கேட்டால் மனிதர்கள் சீக்கிரம் பதில் சொல்கிறார்கள். வயதானவர், வாட்ஸ்அப் பார்ப்பதில்லை, குரல் செய்திதான் அனுப்புவார் என்றால் அதில் தொகையைச் சொல்லச் சொல்லுங்கள். இன்னும் நல்லது, செய்தியை ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு நகல் எடுத்து முதல் தவணை கொடுக்கும்போது பட்டறைக்கு நேரிலேயே போங்கள், இருவரும் இரண்டிலும் தேதி போட்டுக் கையெழுத்திட்டு ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய தொகைக்கு நான் இந்தத் தாளைத்தான் விரும்புவேன்.

அவர் ஏதாவது மாற்றிச் சொன்னால், பழைய செய்தியைத் திருத்த உட்காராதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைத் திருத்த 15 நிமிடம்தான் அவகாசம், திருத்தினால் திருத்தியது என்று அடையாளமும் விழும். முழுச் செய்தியையும் புதிதாக எழுதி, மேலே "காலையில் அனுப்பியதற்குப் பதிலாக இது" என்று போட்டு அனுப்புங்கள், பதிலும் புதியதற்கே வாங்குங்கள். துண்டு துண்டாக "மூணாவது தவணை மட்டும் 15" என்று இருபது செய்திக்கு நடுவே கிடந்தால் பிறகு சேர்த்துப் படிக்க முடியாது.

அப்புறம் அந்த உரையாடலில் செய்தி தானாக மறையும் வசதி போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பலர் போன் இடம் பிடிக்கக் கூடாதென்று 90 நாள் வைத்திருப்பார்கள், உங்கள் தவணையோ மே வரை போகிறது. அவர் அனுப்பிய பதிலைச் சில நாள் வரை அவராலேயே இரண்டு பக்கமும் அழிக்கவும் முடியும், அதனால் பதில் வந்ததும் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். அதற்காக மூலச் செய்தியை அழித்துவிட வேண்டாம். வழக்கு வரை போனால் மின்னணுப் பதிவைச் சான்றிதழோடு காட்ட வேண்டும், முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு. போனை மாற்றும்போது உரையாடலையும் சேர்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

புரோநோட்டும் செக்கும் கேட்டால்

தவணைக்கு ஒத்துக்கொள்கிறவர் சில நேரம் "ஒரு செக் கொடுத்து வையுங்க" என்பார், அல்லது புரோநோட் கேட்பார். கேட்பதில் தவறில்லை. தொகையும் தேதியும் இல்லாமல் கையெழுத்து மட்டும் போட்ட காகிதத்தைக் கொடுக்காதீர்கள், அதை நிரப்பிக்கொள்ள அவருக்கு அதிகாரம் கொடுத்ததாகவே ஆகும். கொடுத்தால், செக் எண், தொகை, தேதி மூன்றையும் உறுதிச் செய்தியில் எழுதி, "இது மேலே சொன்ன அதே 1,40,000-க்குத்தான், தனிக் கடன் இல்லை, கணக்குத் தீர்ந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வேன்" என்று சேருங்கள். இந்த வரி இல்லாவிட்டால் பில் ஒரு கடன், புரோநோட் இன்னொரு கடன் என்று இரட்டிப்பாகத் தெரியும். செக்கில் இருக்கும் தேதியிலிருந்து மூன்று மாதம்தான் அது செல்லும் என்பதையும் இருவரும் நினைவில் வையுங்கள்.

பழைய பாக்கியாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள்

விற்ற சரக்குக்கான பணத்தைக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம்தான் காலவரையறை. அந்த மூன்று வருடம் முடிவதற்குள் கடன்பட்டவர் எழுதிக் கையெழுத்திட்டுப் பாக்கியை ஒப்புக்கொண்டால், அன்றிலிருந்து மறுபடி மூன்று வருடம் எண்ண ஆரம்பிக்கும். பணம் வரவேண்டியவருக்கு இது நல்ல காப்பு, அதனால் அவர் எழுத்தில் கேட்பது நியாயமே. ஆனால் மூன்று வருடம் ஏற்கெனவே முடிந்துபோன கடன் என்றால் கதை வேறு: கொடுத்துவிடுகிறேன் என்று கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால், காலம் கடந்த அந்தக் கடனுக்கே மறுபடி உயிர் வந்துவிடும், ஒப்பந்தச் சட்டம் 25-ஆம் பிரிவு அப்படி. கொடுக்கத்தான் போகிறேன் என்று மனதில் முடிவெடுத்தவர் தாராளமாக எழுதலாம். யாரோ போனில் மிரட்டினார்கள் என்று அப்பாவுடைய பழைய பாக்கிக்கெல்லாம் அவசரத்தில் எழுதிக் கொடுப்பதற்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

ஒவ்வொரு தவணைக்கும் ஒரு வரி

பணம் அனுப்பியதும் அதே உரையாடலில்: "10-02-2026, ரூ. 30,000, பில் 212 பாக்கிக்கு, இரண்டாம் தவணை. இதுவரை 50,000, மீதி 90,000." யுபிஐயில் வரும் 12 இலக்க எண்ணையும் போடுங்கள். குறிப்புப் பகுதியிலும் "பில் 212 தவணை 2" என்று எழுதலாம், வங்கிக் கணக்கு விவரத்திலும் அது தெரியும். ரொக்கமாகக் கொடுத்தால் அங்கேயே ரசீது வாங்குங்கள், 5,000 ரூபாய்க்கு மேலான ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வேண்டும். "அப்புறம் எழுதிக்கலாம் தம்பி, எங்க போயிடப் போறோம்" என்பார், சிரித்துக்கொண்டே நின்று வாங்கி வாருங்கள். மீதித் தொகையை அவரும் ஒவ்வொரு மாதமும் பார்த்துக்கொண்டே வருவதால் வித்தியாசம் இருந்தால் பிப்ரவரியிலேயே வெளியே வந்துவிடும்.

ஒரு தவணை தாமதமாகும் என்று தெரிந்தால் தேதிக்கு முன்பே சொல்லுங்கள், போனில் பேசுங்கள், பேசியதை மறுபடி எழுதுங்கள்: "07-01-2026 பேசியபடி 10-04-2026 தர வேண்டிய 30,000-ஐ 20-04-2026 திங்கள் தருகிறேன் என்று கேட்டேன், சரி என்றீர்கள். மற்ற தவணையும் வட்டி பற்றிப் பேசியதும் அப்படியே." அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால், ஒரு தேதி மாறியதும் பழைய பேச்சு முழுவதும் போய்விட்டது என்று சொல்ல வழி பிறக்கும்.

மே மாதம் கடைசி 30,000 போனதும் பெரும்பாலானவர்கள் நிம்மதியாக விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், இன்னும் ஒரு பதில் வாங்க வேண்டும்: "பில் 212 கணக்கு முழுவதும் தீர்ந்தது, பாக்கி எதுவும் இல்லை." அதை அவர் பெயரோடு எழுதி வாங்குங்கள், பில்லின் உங்கள் நகலில் "வரவு வைக்கப்பட்டது" என்று கையெழுத்து வாங்க முடிந்தால் அதையும் வாங்குங்கள், கொடுத்து வைத்த செக்கும் புரோநோட்டும் இருந்தால் அன்றைக்கே கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.